திரும்பி வரும் வரிகள்: வில்லனெல்லும் பந்தூமும் மனச்சுழலை எப்படி நிகழ்த்துகின்றன?

பத்தொன்பது வரிகள் கொண்ட ஒரு கவிதை. அதில் எட்டு இடங்களை இரண்டே வரிகள் மாறி மாறி நிரப்புகின்றன. இன்னொரு வகைக் கவிதையில் எல்லா வரியும் இரண்டு முறை வருகிறது. ஒரு தடவை மட்டும் சொல்லப்பட்டது என்று அதில் எதுவுமே இல்லை. முதலாவதன் பெயர் வில்லனெல், இரண்டாவதன் பெயர் பந்தூம். ஆங்கிலக் கவிதைத் தொகுப்புகளில் இவற்றை முதன்முறை சந்திக்கும் வாசகருக்குச் சலிப்பும் சந்தேகமும் ஒன்றாகவே எழுகின்றன. சொல்ல விஷயம் இல்லாமல் இடத்தை நிரப்புகிறார்களா? அப்படியானால் இழப்பு, மரணம், பித்து, மறக்க முடியாத பழைய நாள் என்று கனமான விஷயங்களை எழுத வரும்போது கவிஞர்கள் இந்த வடிவங்களைத் தேடிப் போவது ஏன்?

திரும்பி வரும் வரி எதையும் வலியுறுத்துவதற்காக வருவதில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். வரி மாறுவதில்லை, அதைச் சுற்றியிருப்பது மாறுகிறது. ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வரும்போது மனத்துக்குள் நடப்பதும் அதுதான். ஆனால் இரண்டு வடிவங்களும் இதை ஒரே மாதிரி செய்வதில்லை. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வரிகளை எண்ண வேண்டும்.

வரிக்கணக்கு

வில்லனெல்லில் மூன்று வரிப் பத்திகள் ஐந்தும், கடைசியில் நான்கு வரிப் பத்தி ஒன்றும் உண்டு. முதல் வரியை 'அ' என்றும் மூன்றாம் வரியை 'ஆ' என்றும் வைத்துக்கொள்வோம். 'அ' திரும்ப வரும் இடங்கள் 6, 12, 18. 'ஆ' திரும்ப வரும் இடங்கள் 9, 15, 19. கவிதை முழுவதற்கும் இரண்டே இயைபுகள்தான். அவற்றில் ஒன்று 'அ', 'ஆ' இரண்டின் கடைசிச் சொற்களையும் பிணைக்கிறது.

இந்த எண்களில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 6, 9, 12, 15, 18 என்று மூன்று வரிக்கு ஒருமுறை ஏதோ ஒரு பழைய வரி வந்து நிற்கிறது. பேசுபவருக்குப் புதிதாகச் சொல்ல ஒவ்வொரு முறையும் இரண்டு வரிதான் கிடைக்கிறது. அந்த இரண்டு வரியில் எவ்வளவு தூரம் ஓடினாலும் மூன்றாவதில் பிடிபட்டுவிடுகிறார். கடைசியில் அந்த இடைவெளியும் போய்விடுகிறது. 18-ல் ஒன்று, 19-ல் மற்றொன்று. கவிதை முழுக்க ஒன்றையொன்று சந்திக்காமல் முறை போட்டுக்கொண்டு வந்த இரண்டு வரிகள் ஒட்டி நின்றுவிடுகின்றன. வட்டம் சுருங்கிச் சுருங்கி மையத்துக்கு வருவது போன்ற இந்த அமைப்பை, ஒரே எண்ணத்தால் பீடிக்கப்பட்டவரின் நிலைக்குக் கவிஞர்கள் பொருத்திப் பார்த்ததில் வியப்பில்லை.

பந்தூமின் கணக்கு வேறு. நான்கு வரிப் பத்திகள். எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு பத்தியின் 2, 4-ஆம் வரிகள் அடுத்த பத்தியின் 1, 3-ஆம் வரிகளாக வருகின்றன. கடைசிப் பத்திக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு: முதல் பத்தியில் திரும்ப வராமல் மிச்சம் நின்ற 3-ஆம் வரி அங்கே இரண்டாவதாகவும், 1-ஆம் வரி நான்காவதாகவும் வந்து அமர்கின்றன. ஆகவே கவிதை எந்த வரியில் தொடங்கியதோ அதே வரியில் முடிகிறது.

இங்கும் இடைவெளியைப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் சரியாக மூன்று வரி தள்ளித் திரும்புகிறது. விதிவிலக்கு இரண்டே வரிகள், முதல் பத்தியின் 1-ம் 3-ம். அவை காணாமல் போய், நாம் மறந்துவிட்ட பிறகு கடைசியில் வருகின்றன. ஆக பந்தூமில் இரண்டு வகை எதிரொலிகள் உண்டு: உடனே கேட்கும் குறுகியது, கவிதையின் முழு நீளத்தையும் கடந்து வரும் நெடியது. இரண்டடி முன்னே வைத்து ஓரடி பின்னே எடுத்துப் போகும் அதன் நடையில் பீடிப்பை விட நினைவுகூர்தலின் சாயல்தான் அதிகம்.

வில்லனெல் என்றால் பித்து, பந்தூம் என்றால் ஞாபகம் என்று பாடநூல் பாணியில் கோடு கிழித்துவிட முடியாது; இரண்டையும் மாற்றிக் கையாண்டவர்கள் உண்டு. ஆனால் வடிவம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

இது பல்லவி இல்லையா?

இல்லை. கீர்த்தனையில் பல்லவி திரும்பும்போது பாட்டு வீடு திரும்புகிறது, கேட்பவருக்கு ஒரு நிம்மதி. பல்லவி சரணத்துக்கு வெளியே நிற்கிறது. சரணத்தின் வாக்கியம் முடிந்த பிறகு தனியாக வருகிறது. வில்லனெல்லில் திரும்பும் வரியோ பத்தியின் உள்ளேயே இருக்கிறது. புதிதாகத் தொடங்கிய வாக்கியத்தின் கடைசிப் பகுதியாக அது ஆகியே தீர வேண்டும். "நான் வேறு எதையோ பற்றித்தான் பேச ஆரம்பித்தேன், ஆனால் வாக்கியம் அங்கேதான் போய் முடிந்தது" என்ற உணர்வு இதனால்தான் வருகிறது.

உளவியலில் சூசன் நோலன்-ஹோக்ஸெமா 1990-களிலிருந்து விரிவாக ஆராய்ந்த ஒரு நிலை உண்டு: துயரத்தையும் அதன் காரணங்களையும் விளைவுகளையும் மனம் திரும்பத் திரும்ப அசைபோடுவது, ஆனால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் செயலுக்கும் நகராமல் இருப்பது. அசைபோடும் மனத்தில் புது எண்ணம் வராமல் இல்லை. வருகிறது, ஆனால் அதுவும் பழையதன் வாலைத்தான் பிடிக்கிறது. வில்லனெல் பத்தியின் "இரண்டு புதிது, ஒன்று பழையது" என்ற கட்டுமானம் இதே விதத்தில் அமைந்திருக்கிறது.

ஒரு வில்லனெல் அருகிலிருந்து: எலிசபெத் பிஷப்

அமெரிக்கக் கவிஞர் எலிசபெத் பிஷப்பின் (1911–1979) 'ஒன் ஆர்ட்' 1976-ல் வெளியானது. இதன் வரைவுகள் அமெரிக்காவின் வாஸர் கல்லூரியில் பாதுகாக்கப்பட்டுள்ளன. பதினேழு வரைவுகள் என்பது வழக்கமான கணக்கு. முதல் வரைவு வில்லனெல்லே அல்ல. தொலைத்தவற்றின் பட்டியல் போல, உரைநடை போலக் கொட்டிவைத்த குறிப்பு அது. வடிவத்துக்குள் வந்த பிறகே அது கவிதையாகிறது.

'அ' வரியின் சாரம்: தொலைக்கும் கலையைக் கற்பது கடினமில்லை. 'ஆ' வரியின் சாரம்: தொலைத்தால் பேரழிவு ஒன்றும் இல்லை. வாழ்க்கைத் திறன் சொல்லித்தரும் ஆசிரியரின் குரல். கவிதை போகும் வழியைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. முதல் பத்தியில் கொள்கை அறிவிக்கப்படுகிறது. பல பொருள்கள் தொலைந்துபோகவே காத்திருப்பதுபோல் இருக்கின்றன, எனவே அவை போனால் அழிவில்லை.

2. இரண்டாவதில் பயிற்சி: தினமும் ஏதாவது தொலையுங்கள். கதவுச் சாவிகள், வீணாய்ப் போன ஒரு மணி நேரம். ஏவல் வினையில், மற்றவர்களுக்குச் சொல்லும் தொனி.

3. மூன்றாவதில் பாடம் கடினமாகிறது. இடங்கள், பெயர்கள், போக நினைத்திருந்த ஊர். இவற்றால் அழிவு வராது.

4. நான்காவதில் ஆசிரியர் குரல் உடைந்து 'நான்' வருகிறது. அம்மாவின் கைக்கடிகாரத்தைத் தொலைத்தேன். நேசித்த மூன்று வீடுகளில் ஒன்றும் போயிற்று. ஆனாலும் கலை கடினமில்லை.

5. ஐந்தாவதில் இரண்டு நகரங்கள், இரண்டு நதிகள், ஒரு கண்டம். அவற்றுக்காக ஏங்குகிறேன், ஆனால் அது அழிவாக இருக்கவில்லை.

6. கடைசியில் 'நீ'. கேலி பேசும் குரலும் எனக்குப் பிடித்த அந்த அசைவுமாக உன்னை இழந்தாலும் நான் சொன்னது பொய்யாகாது.

பிஷப் குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்தார். ஐந்து வயதில் தாய் மனநல மருத்துவமனைக்குப் போனார். அதன் பிறகு மகள் அவரைப் பார்க்கவே இல்லை. பிரேசிலில் உடன் வாழ்ந்த லோட்டா 1967-ல் இறந்தார். இதெல்லாம் தெரிந்தவருக்குக் கடிகாரம் வெறும் கடிகாரமாகத் தெரியாது. ஆனால் எதையும் தெரியாமல் படிப்பவரையும் இந்தக் கவிதை அசைக்கிறது, காரணம் வாழ்க்கை வரலாற்றில் இல்லை. 'ஆ' வரி என்ன ஆகிறது என்று தனியாக எடுத்துப் பார்த்தால் தெரியும்.

வடிவம் கேட்பது வரி முழுவதும் திரும்ப வேண்டும் என்பது. பிஷப் 'ஆ' வரியில் 'பேரழிவு' என்ற கடைசிச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒவ்வொரு முறையும் மாற்றுகிறார். அந்த மாற்றத்தில் காலம் நகர்கிறது. முதலில் நிகழ்காலம்: அழிவில்லை. பிறகு எதிர்காலம்: அழிவு வராது. பிறகு இறந்தகாலம்: அழிவாக இருக்கவில்லை. கடைசியில் எந்த உறுதியும் அற்ற ஒரு தோற்றம்: அழிவு போலத் தெரியலாம். மறுப்பு மூன்று காலங்களையும் தீர்த்துவிட்டு, போக இடமில்லாமல் ஒப்புக்கொள்கிறது.

'அ' வரியோ அப்படியே மூன்று முறை வந்து, நான்காம் முறையில் ஒரே ஒரு சிறு சொல்லால் சரிகிறது: கடினமில்லை என்றிருந்தது 'அவ்வளவு கடினமில்லை' ஆகிறது. அந்த 'அவ்வளவு' ஒரு ஒப்புதல் வாக்குமூலம். கடைசி வரியின் நடுவில் 'போல' என்ற சொல்லைச் சொல்லி, அடைப்புக்குறிக்குள் "எழுது அதை!" என்று தனக்கே ஆணையிட்டு, மறுபடி 'போல' என்று திக்கிவிட்டுத்தான் அந்தக் கடைசிச் சொல்லை எழுதுகிறார். எழுத முடியவில்லை, ஆனால் எழுதியாக வேண்டும். வடிவம் அந்த இடத்தில் அந்தச் சொல்லைத்தான் கேட்கிறது.

இயைபின் வேலையையும் விட்டுவிடக் கூடாது. 'கற்றுத் தேர்தல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் 'பேரழிவு' என்று பொருள்படும் சொல்லும் ஒரே ஓசையில் முடிகின்றன. முதல் வரி தேர்ச்சியில் முடிந்த கணமே அழிவின் வருகையும் நிச்சயமாகிவிட்டது. ஒவ்வொரு முறை "இல்லை" என்று மறுக்கும்போதும் அந்தச் சொல்லை உச்சரித்தாக வேண்டிய நிலை. விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடிப் போவதைப் போல மறுப்பே அங்கே திரும்பத் திரும்பப் போகிறது. அது அழிவாக இல்லாவிட்டால் நான்கு முறை சொல்ல வேண்டியிருந்திருக்காது.

ஓர் எழுத்தும் மாறாமல்

பிஷப் வரியை நெகிழ்த்தினார். ஓர் எழுத்தைக்கூட மாற்றாமலும் பொருளை நகர்த்த முடியும். டிலன் தாமஸ் 1951-ல் வெளியிட்ட வில்லனெல் அதற்குப் பெயர்பெற்ற சான்று. சாவை எதிர்த்துப் போராடும்படி நோயுற்ற தந்தையிடம் வேண்டும் கவிதை அது. முதல் பத்தியில் இரண்டு வரிகளும் ஏவல்: "சாந்தமாகப் போய்விடாதே", "சீறு". நடுவில் உள்ள நான்கு பத்திகளில் அறிஞர்கள், நல்லவர்கள், கட்டற்றவர்கள், கடுமையானவர்கள் என்று நான்கு வகை மனிதர்கள் எழுவாயாக வருகிறார்கள். அங்கே அதே சொற்கள் ஏவலாக இல்லை. அவர்கள் "சாந்தமாகப் போவதில்லை", "சீறுகிறார்கள்" என்ற செய்தியாகின்றன. கடைசிப் பத்தியில் 'என் தந்தையே' என்ற விளி வந்ததும் அதே வரிகள் மறுபடி ஏவலாகி, கெஞ்சலாகக் கேட்கின்றன. நான்கு பத்திகளாக மகன் சான்றுகளைத் திரட்டிக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் புரிகிறது.

வரலாற்றை ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். வில்லனெல் இடைக்காலத்திலிருந்தே இறுக்கமான இலக்கணத்தோடு இருந்தது என்று பலர் எழுதிவிடுகிறார்கள், அது சரியல்ல. பதினாறாம் நூற்றாண்டில் அந்தப் பெயர் நாட்டுப்புறச் சாயலுள்ள எளிய பாட்டுகளைக் குறித்தது. அவற்றுள் ஒன்றான, பிரெஞ்சுக் கவிஞர் ழான் பஸ்ஸெராவின் பாட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாதிரியாக எடுத்துக்கொண்டு பிற்காலத்தவர் விதி வகுத்தார்கள். கூடுதலாகக் கவனிக்க ஒன்று உண்டு. அந்தப் பாட்டில் திரும்ப வரும் இரண்டு வரிகள், "என் புறாவை இழந்துவிட்டேன்" என்பதும் "அவளைத் தேடிப் போக விரும்புகிறேன்" என்பதும். இழப்பும் பின்தொடரலும் வடிவத்தின் விதையிலேயே இருந்திருக்கின்றன.

பந்தூமின் ஊர் மலாய் மொழி

பந்தூமின் வேர் ஐரோப்பாவில் இல்லை. மலாய் மொழியின் 'பந்துன்' என்ற நான்கு வரிப் பாடல்தான் மூலம். 2020-ல் இந்தோனேசியாவும் மலேசியாவும் சேர்ந்து இதை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெறச் செய்தன. மலாக்காவில் பந்துனை இசையோடு பாடும் 'தொண்டாங் சாயாங்' என்ற மரபு உண்டு. அதைப் பாடும் நான்கு சமூகத்தாரில் தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்காச் செட்டிகளும் அடக்கம்.

பந்துனின் முதல் இரண்டு வரிகளுக்குப் 'பெம்பயாங்' என்று பெயர்: நிழல் விழுத்துவது. இயற்கைக் காட்சியோ அன்றாடப் பொருளோ அங்கே இருக்கும். அடுத்த இரண்டு வரிகள் 'மக்சுட்': கருத்து. இரண்டுக்கும் நடுவே 'போல' என்ற சொல் கிடையாது. ஓசை மட்டும் இணைக்கிறது, பொருள் தொடர்பை வாசகர் கண்டுபிடிக்க வேண்டும். நம் அகப்பாடல்களின் உள்ளுறை உவமத்தில் பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இந்தப் பந்துன்களைச் சங்கிலியாகக் கோப்பது 'பந்துன் பெர்க்காயிட்'. 1829-ல் விக்டர் ஹ்யூகோ தம் கவிதைத் தொகுப்பின் குறிப்புகளில் எர்னஸ்ட் ஃபுயினேயின் மொழிபெயர்ப்பில் ஒன்றைச் சேர்த்தார். அதன் வழியாகவே பிரெஞ்சுக் கவிஞர்கள் இதைக் கற்றார்கள். அந்தப் பாடலின் தொடக்கம் ஏறக்குறைய இப்படி: வண்ணத்துப்பூச்சிகள் குறுக்கே பறக்கின்றன, பாறைத்திட்டின் முனையில் கடல்மேல் பறக்கின்றன, என் நெஞ்சு கவலை சுமக்கிறது, அன்று முதல் இன்று வரை. அடுத்த பத்தியில் கடல்மேல் பறப்பது மறுபடி வர, கழுகொன்று பந்தான் என்ற இடத்துக்குப் பறக்கிறது. "அன்று முதல் இன்று வரை" மறுபடி வர, பார்த்த இளைஞர்கள் எத்தனையோ பேர் என்கிறது பாட்டு.

இதில் சங்கிலி எப்படி ஓடுகிறது என்று கவனியுங்கள். 2-ஆம் வரி 1-ஆம் இடத்துக்குப் போகிறது, இரண்டும் காட்சியின் இடங்கள். 4-ஆம் வரி 3-ஆம் இடத்துக்குப் போகிறது, இரண்டும் கருத்தின் இடங்கள். கண் வண்ணத்துப்பூச்சி, கடல், கழுகு, அதன் இறகு என்று வெளியே அலைந்துகொண்டிருக்கிறது. மனம் உள்ளே அதே ஆளைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் ஓடுகின்றன. ஒன்றில் ஒன்று கலப்பதே இல்லை. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ நினைத்தபடி வயல்களைப் பார்த்துக்கொண்டு போகும் எவருக்கும் தெரிந்த நிலை இது.

ஐரோப்பிய வடிவத்தின் முடிவு விதி இங்கேதான் முக்கியமாகிறது. முதல் பத்தியின் 3-ஆம் வரி கருத்துத் தடத்தைச் சேர்ந்தது, கடைசிப் பத்தியில் காட்சியின் இடத்துக்கு வருகிறது. 1-ஆம் வரி காட்சித் தடத்தைச் சேர்ந்தது, கடைசியில் கருத்தின் இடத்துக்கு வருகிறது. அதுவரை கலக்காத தடங்கள் முடிவில் குறுக்கே கடந்துவிடுகின்றன. வெறும் காட்சியாகத் தொடங்கியதே கவிதையின் பொருளாகி நிற்கிறது. விதியைப் பின்பற்றுகிற பலர் இதைக் கவனிப்பதில்லை. தொடங்கிய இடத்தில் முடிப்பது அழகு என்ற அளவில் நின்றுவிடுகிறார்கள்.

தமிழில் ஒரு சிறு மாதிரி

விதி நடக்கும் விதத்தைக் காட்டுவதற்காகவே கட்டிய மூன்று பத்திகள் இவை. கவிதை என்று பெருமை கொள்ள ஒன்றுமில்லை.

இரவு பத்து மணிக்குத் தொலைபேசி ஒலித்தது.
அம்மா வாசலில் நின்றிருந்தாள்.
மழை விடவில்லை.
யாரும் எதுவும் பேசவில்லை.

அம்மா வாசலில் நின்றிருந்தாள்.
அப்பாவின் குடை திண்ணையிலேயே கிடந்தது.
யாரும் எதுவும் பேசவில்லை.
"இதோ வந்துவிடுகிறேன்" என்றுதான் போனார்.

அப்பாவின் குடை திண்ணையிலேயே கிடந்தது.
மழை விடவில்லை.
"இதோ வந்துவிடுகிறேன்" என்றுதான் போனார்.
இரவு பத்து மணிக்குத் தொலைபேசி ஒலித்தது.

பன்னிரண்டு வரிகள், ஆனால் ஆறே வாக்கியங்கள். இறப்பு என்ற சொல் எங்கும் இல்லை. வரி ஒவ்வொன்றும் இரண்டாம் முறை வரும்போது என்ன ஆகிறது?

"யாரும் எதுவும் பேசவில்லை" முதலில் தொலைபேசிக்குப் பிந்திய அமைதி. இரண்டாம் முறை அதன் அடுத்த வரி "என்றுதான் போனார்" என்று இருப்பதால், அதே அமைதி பின்னோக்கி நகர்ந்து அவர் கிளம்பிய நேரத்துக்குப் போய்விடுகிறது. போகும்போது யாரும் பதில் சொல்லவில்லை; குடையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. செய்தி கேட்ட அதிர்ச்சியாக இருந்தது இப்போது குற்ற உணர்வு. அம்மா வாசலில் நின்றதும் அப்படியே: முதலில் காத்திருந்து நின்றாள், பிறகு வழியனுப்பி நின்றாள் என்றும் படிக்கலாம்.

"மழை விடவில்லை" முதலில் அந்த இரவின் வானிலை. குடை கிடந்தது என்ற வரியின் கீழே வந்ததும் அது விபத்தின் காரணம் என்று சந்தேகிக்க வைக்கிறது. முதல் வரியான தொலைபேசி மணி, தொடக்கத்தில் ஒரு நிகழ்ச்சி மட்டுமே. முடிவில் அது எதைச் சொல்ல ஒலித்தது என்று நமக்குத் தெரியும். அதற்கு அப்பால் கவிதை போவதில்லை, ரிசீவரை எடுக்கவே இல்லை. நினைவு அந்த மணியோசையிலேயே நின்று திரும்ப முதலுக்குப் போகிறது.

எந்த வரியின் எழுத்தும் மாறவில்லை. மாறியது வரிசை. நினைவும் இப்படித்தான் வேலை செய்கிறது: துண்டுகள் அதே துண்டுகள்தான், எது எதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது என்பதைப் பொறுத்துக் காரணமும் காலமும் புரள்கின்றன.

வரி இடம் மாறாமல் வாய் மாறினால்

மொஹாவி இனத்தைச் சேர்ந்த அமெரிக்கக் கவிஞர் நாடலி டையஸ், தம் 2012-ஆம் ஆண்டுத் தொகுப்பில் பந்தூமை இன்னொரு விதமாகப் பயன்படுத்தியிருக்கிறார். அதிகாலை மூன்று மணி. அண்ணனோ தம்பியோ, சகோதரன் வாசற்படியில் சம்மணமிட்டு அழுதுகொண்டிருக்கிறான். தாய் கதவைத் திறக்கிறாள். தன்னைக் கொல்ல ஒருவன் வந்திருக்கிறான் என்கிறான். சாத்தானையும் அதன் வாலையும் பார்க்கச் சொல்கிறான். "கடவுளே" என்று தொடக்கத்தில் கதறுவது அவன்.

மனம் பிறழ்ந்தவரோடு இரவைக் கழித்த குடும்பங்களுக்கு இந்த உரையாடலின் இயல்பு தெரியும். அவன் சொன்னதையே சொல்கிறான், தாய் கேட்டதையே கேட்கிறாள், பேச்சு நகருவதாகத் தோன்றினாலும் எங்கும் போகவில்லை. பந்தூமின் நடை இங்கே வடிவமாகத் தெரியவில்லை, நடப்பதைப் பதிவு செய்வதாகவே கேட்கிறது. கடைசியில் தாய்க்கும் ஒரு காட்சி தெரிகிறது. அவள் காண்பது சாத்தானை அல்ல, தன் மகனை. கடைசி வரியில் "கடவுளே" என்று சொல்வது அவள். அவனுடைய பயம் அப்படியே அவள் வாய்க்கு மாறிவிட்டது. ஒரு வரி திரும்பும்போது பொருள் மட்டுமல்ல, சொல்பவரும் மாறலாம்; பித்து ஒருவரிடமிருந்து வீடு முழுவதற்கும் பரவுவதை இதைவிடச் சிக்கனமாகக் காட்ட முடியுமா என்பது சந்தேகமே.

எங்கே கெட்டுப்போகிறது?

இந்த வடிவங்களில் எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை தோற்றுப்போகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். தோல்விகள் மூன்று வழியில் வருகின்றன.

1. வரி மிகவும் மூடியிருக்கும். பெயர், இடம், நேரம், காரணம் எல்லாம் அதிலேயே இருந்தால் எங்கே வைத்தாலும் அது ஒன்றைத்தான் சொல்லும். மேலே உள்ள மாதிரியில் "மழை விடவில்லை" என்பதை "மழையால் அப்பா திரும்பவில்லை" என்று மாற்றிப் பாருங்கள். இரண்டாம் முறை வருவதற்கு அதற்கு வேலையே இருக்காது.

2. வரி மிகவும் திறந்திருக்கும். "காலம் போய்க்கொண்டிருக்கிறது" போன்ற ஒரு வரி எதோடும் ஒட்டும். எதோடும் ஒட்டுவதால் எதையும் மாற்றாது. படிப்பவருக்கு அது ஜெபம் போலக் காதில் விழுந்து கடந்துபோகும்.

3. நடுவில் வரும் புதிய வரிகள் சோம்பேறியாக இருக்கும். வில்லனெல்லில் புதியவை பதினொரு வரிதான். பிஷப்பிடம் அவை சாவியிலிருந்து கண்டம் வரை வளர்ந்துகொண்டே போகின்றன. அந்த வளர்ச்சிதான் திரும்பும் வரியின் மேல் பாரத்தை ஏற்றுகிறது. பத்திக்குப் பத்தி ஒரே அளவில் துயரப்பட்டுக்கொண்டிருந்தால் சுழற்சி இருக்கும், அழுத்தம் கூடாது.

கண்டுபிடிக்க எளிய வழி: திரும்பி வரும் வரிகளை அடித்துவிட்டு மீதியை மட்டும் படியுங்கள். எதுவும் குறைந்ததாகத் தோன்றாவிட்டால் அவை அலங்காரத்துக்கு வந்தவை. பிறகு திரும்பும் வரியை ஒவ்வோர் இடத்திலும் வாய்விட்டுப் படியுங்கள். எல்லா இடத்திலும் ஒரே குரலில் படிக்க முடிந்தால் அது நகரவில்லை என்று பொருள்.

தமிழில் எழுத வருபவர் சந்திப்பது

அந்தாதி நம்மிடம் இருக்கிறதே என்று கேட்கலாம். அபிராமி அந்தாதி 'உதிக்கின்ற' என்று தொடங்கி, நூறாம் பாட்டில் 'உதிக்கின்றனவே' என்று முடிந்து மண்டலிக்கிறது. வட்டமாக முடிக்கும் கலை தமிழுக்குப் புதிதல்ல. ஆனால் அந்தாதி ஒரு சொல்லையோ தொடரையோ கொக்கியாக வைத்து முன்னே இழுத்துச் செல்கிறது. பாட்டின் மீதி முழுவதும் புதிது. பந்தூம் முழு வரியையும் கொண்டுவருவதால் பழையதன் எடையையும் சேர்த்தே சுமக்கிறது. அந்தாதியில் பக்தர் முன்னேறிக்கொண்டே இருக்கிறார். பந்தூமில் பேசுபவர் விட்டுப் போக முடியாமல் நிற்கிறார்.

உண்மையான தடை வேறு. டிலன் தாமஸ் செய்ததைத் தமிழில் அப்படியே செய்ய முடியாது. ஆங்கிலத்தில் ஏவலும் செய்தியும் ஒரே வினை வடிவில் நிற்கும். தமிழில் 'போகாதே', 'போவதில்லை' என்று விகுதி உடனே காட்டிக்கொடுத்துவிடும். திணை, பால், எண், இடம் எல்லாம் வினைமுற்றிலேயே இருப்பதால் ஒரே வரிக்கு இரண்டு எழுவாய் வைப்பதும் கடினம்.

அதே இலக்கணம் வேறொரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. வினைமுற்றில் முடியாத வரி தமிழில் அடுத்ததற்காகக் காத்திருக்கும். "வாசலில் நின்றபடி", "விளக்கை அணைத்துவிட்டு" போன்ற வரிகளுக்குச் செய்தவர் யார் என்பது அடுத்து வரும் வினைமுற்றில்தான் தெரியும். முதல் முறை அடுத்த வரி "அழுதாள்" என்றும், இரண்டாம் முறை "கிளம்பிவிட்டான்" என்றும் வந்தால் எச்சம் மாறாமலே ஆள் மாறிவிடுவார். எழுவாயை விட்டுவிட்டுப் பேசும் நம் வழக்கமும் இதற்கு உதவுகிறது. மாதிரியில் "என்றுதான் போனார்" என்ற வரியில் பெயர் இல்லாமல் இருப்பது தற்செயல் அல்ல.

எழுதிப் பார்க்க விரும்புவோர் முதல் வரியிலிருந்து தொடங்காமல் இருப்பது நல்லது. வில்லனெல்லானால் கடைசி இரண்டு வரிகளை முதலில் எழுதி, அவை ஒன்றன்கீழ் ஒன்று நின்றால் தனித்தனியே சொல்லாத எதையாவது சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பந்தூமானால் முதல் பத்தியின் 1-ம் 3-ம் வரிகளை எடுத்து, இரண்டும் இடம் மாறி நின்றால் தாங்குமா என்று சோதிக்க வேண்டும். தாங்காவிட்டால் நடுவே எத்தனை நல்ல வரிகளைக் கோத்தாலும் சங்கிலி முடிவில் அறுந்துவிடும். அந்தக் குறையைத் திருத்த நடுப்பத்திகளைத் தொட்டுப் பயனில்லை, அந்த இரண்டு வரிகளைத்தான் மாற்ற வேண்டும்.